மறு: இ.ஓ.க்யூ., ஏ.பி.சி. இரண்டுக்கும் தமிழ்ச் சொல்

செல்வி:
ஒருமுறைக்கு எவ்வளவு ஆர்டர் போடுவது என்று சொல்லும் இ.ஓ.க்யூ.வை 'பொருளாதார ஆணை அளவு' என்றால் யாருக்கும் பிடிபடவில்லை. 'சிக்கனக் கொள்முதல் அளவு' எனலாமா? மொத்தமாக வாங்கினால் மலிவு என்பதுதானே கருத்து? சரக்குகளை ஏ, பி, சி என மூன்றாகப் பிரிக்கும் ஏ.பி.சி.க்கு 'விலைவாரி வகைப்பாடு'.

ரஃபீக்:
'சிக்கனம்' இருக்கட்டும், ஆனால் மலிவு விலைக்கு இங்கே வேலையில்லை. அடிப்படைச் சூத்திரத்தில் விலை மாறுவதே இல்லை. ஒவ்வொரு முறை ஆர்டர் போடவும் ஆகும் செலவு, சரக்கை வைத்திருக்க ஆகும் செலவு, இந்த இரண்டின் கூட்டுத்தொகை எங்கே குறைகிறது என்பதே கேள்வி.

```
Q = √(2DS/H)
```

ஆண்டுத் தேவை (D) 1200, ஓர் ஆர்டருக்கு (S) 400 ரூபாய், ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்க (H) 6 ரூபாய் என்றால், ஒருமுறை வாங்க வேண்டிய அளவு (Q) 400. ஆண்டுக்கு 3 ஆர்டர், அதற்கு 1200. சராசரி இருப்பு 200, அதற்கும் 1200. ஆக மொத்தம் 2400. 600 ஆக வாங்கினாலும் 2600தான் ஆகும். அதனால் விடையைப் பெட்டிக் கணக்குக்கு ஏற்ப முன்பின் மாற்றிக்கொள்ளலாம்.

தவறு நடப்பது S-இல்தான். கொள்முதல் பிரிவின் மாதச் சம்பளத்தையெல்லாம் ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்து அதில் சேர்த்துவிடுவார்கள். ஓர் ஆர்டர் குறைந்தால் சம்பளம் குறையுமா? அப்படி 400 என்பது 1600 ஆனால் Q 800 ஆகிவிடும், சரக்கில் முடங்கும் பணமும் இரட்டிப்பாகும்.

'விலைவாரி'யும் பொருந்தாது. ஏ.பி.சி. பார்ப்பது விலையை மட்டும் அல்ல, ஓராண்டில் செலவாகும் சரக்கின் மொத்த மதிப்பை. விலை 30 உள்ள அந்தப் பொருள் ஆண்டுக்கு 1200 எண்ணிக்கை போனால் அதன் மதிப்பு 36,000. விலை 9000 உள்ள உதிரி ஆண்டுக்கு ஒன்றே போனால் 9000. மலிவான பொருள்தான் பட்டியலில் மேலே வரும். 'பயன்மதிப்பு வகைப்பாடு' எனலாம்.

முருகேசன்:
எங்கள் பம்ப் சீல் இந்த வகைப்பாட்டில் கடைசி வகையான 'சி'-க்குப் போய்விட்டது. அது இல்லையென்றால் லைனே நிற்கும். 'பயன்மதிப்பு' என்றால் பயன் குறைந்த பொருள் என்றல்லவா படிப்பார்கள்?

ரஃபீக்:
நியாயம்தான். இந்த வகைப்பாடு பணத்தை மட்டுமே பார்க்கும், அவசியத்தைப் பார்க்காது. அதற்கு வி.இ.டி. என்று தனி வகைப்பாடு உண்டு. சீல் அதில் 'வி', அதாவது இல்லாமல் முடியாதது. குழப்பம் வராமலிருக்க 'நுகர்வு மதிப்பு வகைப்பாடு' என்று மாற்றிக்கொள்கிறேன்.

செல்வி:
அது சரி, 'கொள்முதல்' என்ற சொல் நிற்குமா? ஆலைக்குள்ளேயே தொகுதியாகத் தயாரிக்கும்போதும் இதே கணக்கைப் போடுகிறார்களே. அங்கே S என்பது எந்திரத்தை மாற்றி அமைக்கும் செலவு.

ரஃபீக்:
அங்கே சரக்கு ஒரே நாளில் வந்து இறங்காது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதனால் சூத்திரமே சற்று மாறும். அதற்குச் 'சிக்கனத் தொகுதி அளவு' என்று தனிச்சொல் வைக்கலாம்.

முருகேசன்:
இரண்டுக்கும் 'சிக்கன ஈட்டளவு' என்று ஒன்றே போதாதா? ஓர் ஈடு வாங்கியதோ செய்ததோ, எதுவாகவும் இருக்கலாம்.

செல்வி:
'ஈடு' என்றதும் அடமானம்தான் நினைவுக்கு வருகிறது. 'நுகர்வு மதிப்பு வகைப்பாடு' பட்டியலில் ஏறுகிறது. மற்றது திறந்தே இருக்கட்டும்.