11 மாசம் கட்டினால் 12 மாசம்: டிஷ் ரீசார்ஜில் நான் போட்ட கணக்கு

லாஸ்பேட்டைக்காரன்:

போன வருஷம் எங்க வீட்டு டிஷ்ஷுக்கு மொத்தமாக ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டினேன். 11 மாசத்துக்குக் கட்டினால் 12 மாசம் ஓடும் என்று ஆப்பில் வந்தது. மாசம் 306 ரூபாய் பேக். பதினொன்றால் பெருக்கினால் 3,366. ஒரு மாசப் பணம் மிச்சம் என்று நம்பி அன்று இரவே கட்டிவிட்டேன்.

முதலில் கவனிக்க வேண்டியது, இங்கே மாசம் என்றால் 30 நாள். அதனால் 12 மாசம் என்பது 360 நாள்தான். அது பெரிய விஷயம் இல்லை. அஞ்சாவது மாசம் முடிந்ததும் பேக் விலை 306-லிருந்து 330 ஆனது. ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டியவனுக்கு விலை ஏறாது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஆப்பில் காட்டிய 'அடுத்த ரீசார்ஜ் தேதி' 16 நாள் முன்னால் வந்திருந்தது.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் வாங்கியது ஒரு வருஷ பேக் இல்லை. என் கணக்கில் 3,366 ரூபாய் இருப்பு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து தினமும் 10 ரூபாய் 20 காசு கழிகிறது. 150 நாளில் 1,530 போனது. மீதி 1,836. கடைசியில் வர வேண்டிய இலவச மாசத்தின் 306-ஐச் சேர்த்தால் 2,142. புது விலையில் ஒரு நாளைக்கு 11 ரூபாய் என்றால் அது 194 நாளைக்குத்தான் வரும். ஆக மொத்தம் 344 நாள். 'இலவச மாசம்' என்றதில் பாதிக்கு மேல் அப்படியே கரைந்துவிட்டது.

இங்கே வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

முத்தியால்பேட்டை அக்கா:

தம்பி, எனக்கு ஆனது வேறு. ஐபிஎல் சமயத்தில் பையன் ஸ்போர்ட்ஸ் பேக் ஒன்றைச் சேர்த்தான். மேட்ச் முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டோம். மாசாமாசம் கட்டுகிறவராக இருந்தால் அடுத்த ரீசார்ஜிலேயே தொகை ஏறியிருப்பது தெரிந்திருக்கும். நாங்கள் ஆறு மாசத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்தோம், அதனால் யாரும் பார்க்கவில்லை. டிவி நின்றபோதுதான் தெரிந்தது.

வில்லியனூர் பேருந்து:

டிவி பேக்கும் போன் மாதிரி 28 நாள்தான். வருஷத்துக்கு 13 தடவை கட்ட வேண்டி வரும். அதனால் வருஷ ரீசார்ஜ்தான் லாபம்.

மஞ்சக்குப்பம் கேபிள்:

(20 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்போது வேறு ஒருவரிடம் லைனைக் கொடுத்துவிட்டேன்.)

28 நாள் போனுக்குத்தான். டிவிக்கு வழக்கம் 30 நாள். வருஷத்தில் அஞ்சு நாள்தான் வித்தியாசம், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

லாஸ்பேட்டைத் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். ஆறு மாசமோ அதற்கு மேலோ கட்டுகிறவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-லேயே அனுமதித்தது. அதனால்தான் இத்தனை ஆஃபர் வருகிறது. கட்டும் முன்னால் கஸ்டமர் கேரில் இரண்டே கேள்வி கேளுங்கள். 'நடுவில் சேனல் விலை ஏறினால் என் தேதி மாறுமா?' என்பது ஒன்று. 'இலவச மாசப் பணம் எப்போது ஏறும், நடுவில் பேக்கைக் குறைத்தால் அது போய்விடுமா?' என்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள்.

அதைவிட முக்கியம், உங்கள் 306 ரூபாயில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இணைப்புக் கட்டணம் 130, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 153 ரூபாய் 40 காசு. இதை எந்த பேக் எடுத்தாலும் தவிர்க்க முடியாது. மீதி 152 ரூபாய் சொச்சம்தான் சேனல் காசு. புதிய தலைமுறை, தந்தி, பாலிமர், கலைஞர் எல்லாம் இலவசச் சேனல்கள், அந்த 130-லேயே வந்துவிடும். காசு கேட்பவை சன், விஜய், ஜீ மாதிரி குழுமங்கள்தான். ஒரு வாரம் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்:

அண்ணா, குறித்துப் பார்த்தோம். தாளை டிவி மேசையில் பேனாவோடு வைத்தோம். என் மாமனார் மட்டும் ஒழுங்காக எழுதினார். காலை செய்தி, மத்தியானம் பழைய படம், ராத்திரி இரண்டு சீரியல். அம்மா பார்ப்பதையும் சேர்த்து ஏழு சேனல். பேக்கின் மீதியில் இந்திப் படம், ஆங்கிலப் படம், கார்ட்டூன் எல்லாம் இருக்கிறது. வீட்டில் இப்போது சின்னப் பிள்ளைகளே இல்லை.

விலை ஏறும் முன் இருந்த 306-ஐ வைத்தே கணக்குப் போட்டேன். வேண்டாததை எடுத்தால் சேனல் காசு 80-க்கு வருகிறது. ஜிஎஸ்டி சேர்த்து 94 ரூபாய் 40 காசு. இணைப்புக் கட்டணத்தோடு 247 ரூபாய் 80 காசு. மாசம் 58 ரூபாய் மிச்சம், வருஷத்துக்கு 696. நான் அவ்வளவு ஆசைப்பட்ட வருஷத் தள்ளுபடியே 306-தான். முதலில் பேக்கைக் குறைத்துவிட்டு, அதற்கப்புறம் வருஷத்தை யோசித்திருக்க வேண்டும். இப்போது குறைத்தால் இலவச மாசம் போய்விடும் என்கிறார்கள்.

மஞ்சக்குப்பம் கேபிள்:

போனால் போகட்டும் தம்பி. மீதி இருக்கிற மாசங்களை 58-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆறு மாசத்துக்கு மேல் இருந்தால் இன்றே குறைப்பதுதான் லாபம். அதற்குக் கீழே என்றால் காத்திருக்கலாம்.

திருப்பாதிரிப்புலியூர் வாசி:

நான் டிஷ் இல்லை, கேபிள். புதுச்சேரியில் ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு இருந்தபோது கேபிள்காரர் 'ஒரு வருஷத்துக்குக் கொடுங்க, இரண்டு மாசம் தள்ளுபடி' என்றார். ரொக்கமாகக் கொடுத்தேன். அட்டையில் கையெழுத்துப் போட்டார், வேறு ரசீது இல்லை. அஞ்சு மாசத்தில் வேலை மாறி கடலூர் வந்துவிட்டேன். அந்த பாக்ஸ் அந்த லைனோடு சேர்ந்தது, இங்கே வேலை செய்யாது. மீதி ஏழு மாசப் பணத்துக்கு நடையாய் நடந்தேன். 'நான் மேலே கட்டிவிட்டேன் சார்' என்பதுதான் பதில். இங்கே அரசு கேபிள் எடுத்திருக்கிறேன், மாசாமாசம்தான் கட்டுகிறேன்.

தேவனாம்பட்டினம்:

மழை வந்தால் எங்கள் வீட்டில் படம் கட்டம்கட்டமாகப் போகிறது. எந்த பேக் போட்டால் சரியாகும்?

மஞ்சக்குப்பம் கேபிள்:

அது பேக் விஷயம் இல்லை. கனமழையில் டிஷ் சிக்னல் குறையத்தான் செய்யும். மழை விட்ட பிறகும் அப்படியே இருந்தால் காற்றில் டிஷ் திரும்பியிருக்கும். கடற்கரையில் நட்டு போல்ட் துருப்பிடித்துத் தளர்வது சகஜம், ஆள் வந்து திருப்பி வைக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை அக்கா:

மழை என்றதும் நினைவு வருகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் நின்று கரண்டே இல்லை. டிவி பார்க்காத நாட்களுக்கும் காசு கழிந்துகொண்டேதான் இருந்தது. ஊருக்குப் போகும்போது கணக்கை நிறுத்தி வைக்கலாம் என்கிறார்களே, புயலுக்கு அப்படிச் செய்ய முடியுமா?

மஞ்சக்குப்பம் கேபிள்:

நிறுத்தி வைப்பதற்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் அக்கா. புயலுக்கு யாரும் அப்படி வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. யாராவது வாங்கியிருந்தால் இங்கே சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன்:

எனக்கு இன்னும் ஆறரை மாசம் இருக்கிறது அண்ணா. இப்போதுதான் பேக்கைக் குறைத்தேன். மாமனாரின் பழைய படச் சேனல் இருக்கிறதா என்று ரிமோட்டில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.