முன்-பின் படம் இல்லாத ஒரு பல் பதிவு: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி, கிளினிக் பணியாளர்:

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் இரண்டே நாற்காலி போட்ட ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். டோக்கன் எழுதுவது, கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவில் வைப்பது, அதோடு எங்கள் இன்ஸ்டாகிராம் பதிவுகளுக்கு விளக்கம் எழுதுவதும் என் பொறுப்புதான். போன மாதம் ஒரு பதிவை நான்கு தடவை மாற்றி எழுத வேண்டி வந்தது. அது ஏன் என்று சொல்கிறேன், உங்கள் அனுபவத்தையும் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஓமலூரைத் தாண்டி ஒரு ஊரிலிருந்து ஒரு அம்மா, ஒன்பது வயது மகளோடு வந்தார். மேல் முன்பற்கள் நான்கிலும் பழுப்புத் திட்டு, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி. போனில் எங்கோ பார்த்த ஒரு படத்தைக் காட்டினார். இடதுபுறம் பழுப்புப் பல், வலதுபுறம் பால் வெள்ளை, கீழே "ஒரே நாளில்" என்று எழுதியிருந்தது. "பள்ளிக்கூடத்துல பல்லைக் காட்டிச் சிரிக்க மாட்டேங்குது டாக்டர், இதே மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார்.

டாக்டர் மறுத்துப் பேசவில்லை. பாப்பாவின் உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, பஞ்சால் துடைத்து, கொஞ்சம் காற்றடித்து, சில நிமிடம் அப்படியே விட்டுக் கைக்கண்ணாடியை அந்த அம்மாவிடம் கொடுத்தார். மருந்து எதுவும் போடவில்லை, ஆனாலும் பல் முன்பைவிட வெளுத்துத் தெரிந்தது! பழுப்பு போகவில்லை, சுற்றியிருந்த இடமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. பல்லில் ஈரம் காய்ந்தால் அப்படித்தான் தெரியுமாம். மறுபடி எச்சிலில் ஊறிப் பழைய நிறத்துக்கு வரச் சில மணி நேரம் ஆகும், நீண்ட சிகிச்சை என்றால் ஒரு நாள்கூட ஆகும். சிகிச்சை முடிந்த கையோடு எடுக்கிற "பின்" படம் பெரும்பாலும் இந்தக் காய்ந்த நேரத்துப் படம். இதில் விளக்கை வேறு மாற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எனக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது, ஏனென்றால் அதே வாரம் வேறொருவரின் முன்-பின் படத்தை வைத்து நானே ஒரு பதிவு தயார் செய்து வைத்திருந்தேன். அதை அழித்துவிட்டு எழுதியது இது. படத்துக்குப் பதிலாக ஒரு குடமும் ஒரு பல்லும் வரைந்து போட்டோம்.

"பழுப்புத் திட்டு எல்லாம் அழுக்கு அல்ல. எதனால் வந்தது என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது, நேரில் பார்க்க வேண்டும்.

நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலம் பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை. அந்த வருடங்களில் ஃபுளோரைடு அதிகமுள்ள தண்ணீரைக் குடித்து வந்தால் எனாமலில் வெள்ளைக் கோடோ பழுப்புத் திட்டோ விழலாம். குழந்தை சரியாகப் பல் தேய்க்காததால் வந்தது அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அழுத்தித் தேய்த்தாலும் போகாது.

ஒரே ஒரு பல்லில் மட்டும் திட்டு இருந்தால் பால்பல்லில் பட்ட அடியோ சீழோ காரணமாக இருக்கலாம். ஈறோரமாகச் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம்.

போர் தண்ணீர் குடிப்பவர்கள் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் போதும். துப்பப் பழக்குங்கள். பேஸ்ட்டை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இது பொதுவான தகவல், உங்கள் பல்லுக்கான சிகிச்சை ஆலோசனை அல்ல. திட்டின் ஆழத்தைப் பொறுத்துப் பலன் ஆளுக்கு ஆள் மாறும். முகவீக்கம், காய்ச்சல், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் இருந்தால் எங்கள் பதிலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்."

டாக்டர் கடைசியில் திருத்தியது ஒன்றுதான். "நேரில் பார்க்க வேண்டும்" என்பதை நான் கடைசிப் பத்தியில் வைத்திருந்தேன். போனில் முதல் இரண்டு வரிதான் தெரியும், மீதி மடிந்துவிடும், அடியில் இருக்கிற எச்சரிக்கையை யார் பார்ப்பார்கள் என்று அதை மேலே ஏற்றச் சொன்னார்.

தாரமங்கலம், இரண்டு பிள்ளைகளின் அப்பா:

நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் ஃபுளோரைடே விஷம் என்று தெரிந்த பிறகு எதற்குப் பேஸ்ட்டை நிறுத்த வேண்டாம் என்கிறீர்கள்? நான் இரண்டு வருடம் முன்பே நிறுத்திவிட்டேன். பசங்களுக்கு உப்பும் அடுப்புக்கரியும்தான். எங்கள் ஊர் போர் தண்ணீரில் அது அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், பெரியவனுக்குப் பல்லில் கோடும் இருக்கிறது. சின்னவனுக்கு வரக்கூடாது என்றுதான் இவ்வளவும்.

சூரமங்கலம், ஓய்வு பெற்ற தண்ணீர் ஆய்வகப் பணியாளர்:

தம்பி, உங்கள் கவலையில் பாதி சரி. சின்னப் பிள்ளை பேஸ்ட்டை விழுங்கினால் அதுவும் கணக்கில் சேரும். ஆனால் வயிற்றுக்குள் போவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். பேஸ்ட்டை நிறுத்திவிட்டு அதே போர் தண்ணீரைச் சோற்றுக்கும் குழம்புக்கும் ஊற்றினால் என்ன பயன்?

"எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதை விட்டுவிட்டு ஒரு லிட்டர் எடுத்துப் போய்க் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்துத் தருவார்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டு போங்கள். மோட்டார் போட்டுச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசிய பிறகு பிடிக்க வேண்டும். நம் நாட்டுத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. ஒரே தெருவில் இரண்டு போரில் இரண்டு விதமாக வரும், நானே பார்த்திருக்கிறேன். பாறை அப்படி, ஆழம் அப்படி. பக்கத்து வீட்டு ரிப்போர்ட் உங்கள் வீட்டுக்கு உதவாது.

அப்புறம், கொதிக்க வைத்தால் போகாது என்பது மட்டுமில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் ஃபுளோரைடு கூடும். ஆர்ஓ குறைக்கும். துணியில் வடிகட்டுவதோ மெழுகுவர்த்தி ஃபில்டரோ இதற்கு உதவாது. மேட்டூர்க் காவிரிக் குழாய்த் தண்ணீர் வருகிற இடமென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, போரைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு, எஸ்டேட் குடியிருப்பு:

என் கேள்வி வேறு. என் மாமியாருக்குப் பல் எல்லாம் கறுப்பு. நாற்பது வருடமாக வெற்றிலை, பாக்கு, அதோடு கடுங்காப்பி. நாங்கள் மலையில் ஊற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறோம். அதுவும் ஃபுளோரைடா? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கூட்டி வரணும், பஸ்ஸில் அவருக்குத் தலைசுற்றும், அதனால்தான் முதலில் இங்கே கேட்கிறேன். போட்டோ அனுப்பட்டுமா?

அஸ்தம்பட்டி, கிளினிக் பணியாளர்:

அக்கா, போட்டோ வேண்டாம், அதை வைத்து நான் ஒன்றும் சொல்லவும் கூடாது. நீங்கள் சொல்வது வெளியே படிந்த கறை மாதிரிதான் தெரிகிறது, பதிவில் எழுதியது பல்லுக்குள்ளேயே உருவான திட்டு. ஆனால் பாக்குப் போடுகிறவர் என்றால் கறையைவிடக் கன்னத்தின் உட்புறமும் நாக்கும்தான் முக்கியம். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், காரம் பட்டாலே எரிச்சல், வாய் முன்போல அகலமாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் தள்ளிப் போடாமல் கூட்டி வாருங்கள். எதுவும் இல்லையென்றாலும் ஒரு தடவை வாயைக் காட்டிவிடுங்கள்.

கொண்டலாம்பட்டி, பல் மருத்துவர்:

பதிவைப் படித்தேன், நன்றாக இருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். இந்தத் திட்டுக்குச் செய்வது ஒரே சிகிச்சை இல்லை. மேலோட்டமான பழுப்பு என்றால் அமிலம் கலந்த பசையை வைத்து எனாமலின் மேல்தோலை மிக மெல்லியதாகத் தேய்த்து எடுப்போம், சிலருக்கு அதோடு ப்ளீச். வெள்ளைத் திட்டு ப்ளீச் செய்த புதிதில் இன்னும் பளிச்சென்று தெரியும், பயந்து போன் செய்வார்கள், சில நாளில் கொஞ்சம் அடங்கும். ஆழமான திட்டு, குழி விழுந்த பல் என்றால் ரெசின் என்கிற பல் நிறப் பசையை வைத்து மூட வேண்டியிருக்கும், அது வருடங்கள் போகப் போக நிறம் மாறும், ஓரம் உடையும், மாற்றவும் வேண்டும். எடுத்த எனாமல் திரும்ப வளராது. இவ்வளவையும் இரண்டு படம் சொல்லிவிடுமா?

ஒன்பது வயதுக் குழந்தைக்கு நானாக இருந்தால் பொறுத்துத்தான் செய்வேன். மிகவும் மனம் நொந்திருந்தால் குறைந்தபட்சமாக எதாவது செய்து பார்ப்பேன். அந்தத் தாரமங்கலத்துக்காரர் கரியை உடனே விடட்டும். அது எனாமலை அராவிவிடும், கோடும் போகாது.

ஐந்து ரோடு, கிளினிக்குகளுக்குப் போஸ்டர் செய்பவர்:

நான் எதிர்த்துப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெசின் வைத்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் அம்மாவுக்கு எழுத்தில் எவ்வளவு விளக்கினாலும் புரியாது. நோயாளி சம்மதம் கொடுத்து, ஒரே விளக்கில், ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தைப் போட்டால் அதில் என்ன தவறு?

கொண்டலாம்பட்டி, பல் மருத்துவர்:

நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, அவர் பல்லைப் போலவே உள்ள நான்கு பேரின் படத்தை, சரியாக வராத ஒன்றையும் சேர்த்து நானும் காட்டுகிறேன். பொதுவில் போடும்போது நன்றாக வந்ததைத்தான் யாரும் போடுவார்கள். ஆள் பிடிக்க விளம்பரம் செய்வதை எங்கள் நெறிமுறை விதியும் ஏற்பதில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து எடுத்த படம் என்கிறீர்களே, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

தாரமங்கலம், இரண்டு பிள்ளைகளின் அப்பா:

சரி, கரியை நிறுத்திவிட்டேன். பேஸ்ட் விஷயத்தில் இன்னும் மனசு ஒப்பவில்லை. திங்கட்கிழமை தண்ணீரைக் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு வருகிறேன். சின்னவனுக்கு நான்கு வயது, பட்டாணி அளவு என்றால் பச்சைப் பட்டாணியா காய்ந்த பட்டாணியா?

அஸ்தம்பட்டி, கிளினிக் பணியாளர்:

நல்ல கேள்வி, அதைப் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். காய்ந்த பட்டாணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பிரஷ்ஷின் நீளம் முழுக்க வேண்டாம், பக்கத்தில் நின்று நீங்களே வைத்துக் கொடுங்கள். ஓமலூர் அம்மாவும் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறார். பாப்பாவுக்கு இப்போதைக்கு ஒன்றும் செய்யவில்லை, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறோம். வீட்டில் இரண்டு வயதுத் தம்பி இருக்கிறானாம், டாக்டர் அவனைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். அவன் குடிக்கிற தண்ணீரை இப்போதே மாற்றலாமே.