தீபாவளி வாரத்தில் 1,25,000 குறைகிறது: ஒரு பவர் டேபிள் யூனிட்டின் முதல் கேஷ் ஃப்ளோ கணக்கு

திருப்பூர்க் கணக்காளர்

சிறு தொழில் செய்பவருக்கு முதன்முறையாக மூன்று மாதக் கேஷ் ஃப்ளோ போட்டுக் கொடுத்த அனுபவத்தைக் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலை கடைசியில் நான் உட்கார்ந்து போட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த அண்ணனுடையது 16 மெஷின், 22 ஆட்கள் உள்ள பவர் டேபிள் யூனிட். எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். மாதம் சுமார் 6 லட்சத்துக்கு பில் போடுகிறார். ஆடிட்டர் கணக்கில் லாபம் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால், மறுநாள் சம்பளத்துக்கு யாரிடம் கேட்கலாம் என்று போனை எடுத்துவிடுவார்.

இங்கே சம்பளம் சனிக்கிழமைதான். அதனால் மாதக் கணக்கு போட்டால் ஒன்றும் தெரியாது. 28ஆம் தேதி பணம் வந்து 16ஆம் தேதி சம்பளம் இடித்திருந்தாலும் அந்த மாதம் சரியாகத்தான் தெரியும். ஆகஸ்ட் 2 முதல் அக்டோபர் 25 வரை 13 சனிக்கிழமைகள். எக்செலில் ஒரு சனிக்கிழமைக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்தேன். கிடைவரிசைகளில் ஆரம்ப இருப்பு, வரவு, செலவு, கடைசி இருப்பு. ஒரு வாரத்தின் கடைசி இருப்புதான் அடுத்த வாரத்தின் ஆரம்ப இருப்பு. 3ஆம் வரிசை ஆரம்ப இருப்பு, 10 மொத்த வரவு, 19 மொத்தச் செலவு, 20 கடைசி இருப்பு. எக்செல் வேலை அவ்வளவுதான்:

```
B20: =B3+B10-B19
C3:  =B20
```

நேரம் பிடித்தது வரவுப் பக்கம். "பெரிய பார்ட்டி 30 நாளில் கொடுத்துவிடுவார்" என்றார் அண்ணன். பில் புத்தகத்தையும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த பில்லுக்கு எந்தத் தேதியில் பணம் ஏறியது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தோம். 30 நாளில் ஒன்றுகூட வரவில்லை. 47 முதல் 61 நாள் வரை ஆகியிருந்தது. இரண்டாவது பார்ட்டி சின்னவர்தான், ஆனால் லாட் முடிந்து 15 நாளில் போட்டுவிடுகிறார். மூன்றாமவர் பில்லில் முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டு, டேமேஜ் பீஸுக்கு டெபிட் நோட் வரட்டும் என்று மீதியை நிறுத்தி வைக்கிறார். பார்ட்டிகள் வாயால் சொன்ன தேதியை விட்டுவிட்டு, ஸ்டேட்மென்டில் இருந்த வழக்கத்தைத்தான் தாளில் ஏற்றினேன்.

இன்னொன்று ஜிஎஸ்டி. பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதி கட்டியாக வேண்டும், பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்பது கணக்கில்லை. ஜாப் ஒர்க்குக்கு 5 சதவீதம், உள்ளீட்டு வரி கழித்து மாதம் சுமார் 26,000. பெரிய பார்ட்டிக்கு மாதக் கடைசியில் போடும் பில்லுக்கு வரி போய் சுமார் ஒரு மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. அந்தப் பணத்திலும் டிடிஎஸ் 1 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள், ஆகவே பில் தொகையை அப்படியே வரவாக எழுதக் கூடாது.

செலவுப் பக்கத்தில் வாரச் சம்பளம் 90,000. வாடகை, கரண்ட், நூல், ஊசி, மெஷின் லோன் தவணை எல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டுச் செலவுக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "15,000 இருக்கும், அது கம்பெனி செலவில்லையே" என்றார். ஸ்டேட்மென்டில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டோம். மளிகை, பிள்ளையின் பஸ் கட்டணம், எல்ஐசி, மாதம் 10,000 சீட்டு எல்லாம் அதே கணக்கிலிருந்து போயிருந்தன. கூட்டினால் 38,000. யாருடைய செலவாக இருந்தாலும் பணம் போவது அந்தக் கணக்கிலிருந்துதான், அதனால் தனி வரிசை கொடுத்து எழுதினேன்.

எல்லாம் எழுதி முடித்ததும் செப்டம்பர் முழுக்க இருப்பு பிளஸ்ஸில்தான் ஓடியது. அக்டோபர் 11 சனிக்கிழமை 1,65,000. அடுத்த வாரம் வரவு 1,40,000. செலவு, சம்பளம் 90,000, அதோடு தீபாவளி போனஸ் 3,40,000. அக்டோபர் 18 அன்று மைனஸ் 1,25,000. தீபாவளி 20ஆம் தேதி. ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் அந்த வாரம் மெஷின் ஓடாது, சம்பளம் இல்லை, பில்லும் இல்லை. 60,000 வர வேண்டியிருந்தது, ஜிஎஸ்டி 26,000 போகும். 25ஆம் தேதியும் மைனஸ் 91,000.

அண்ணன் அந்தக் கட்டத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போனஸ் வரும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. எந்தச் சனிக்கிழமை, எவ்வளவு இடிக்கும் என்பதை 11 வாரம் முன்னாலேயே பார்த்தது அன்றுதான்.

காமர்ஸ் படித்தவன்

நல்ல பதிவு சார். ஆனால் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? ஆடிட்டரின் லாப நஷ்டக் கணக்கை 12ஆல் வகுத்து, மூன்று மாதத்துக்கு எடுத்து, பாதுகாப்புக்கு வரவில் 10 சதவீதம் குறைத்தால் கிட்டத்தட்ட இதே முடிவு வருமே. நான் என் மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு அப்படித்தான் போட்டேன்.

திருப்பூர்க் கணக்காளர்

தம்பி, வரவைக் கொஞ்சம் குறைவாக எடுப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் லாப நஷ்டக் கணக்கில் தேய்மானம் செலவாக நிற்கும், அதற்காக ஒரு ரூபாய்கூட வெளியே போவதில்லை. லோன் தவணையில் வட்டி மட்டும்தான் அங்கே இருக்கும், அசல் இருக்காது, ஆனால் 5ஆம் தேதி வங்கி முழுத் தவணையையும் எடுத்துக்கொள்ளும். 12ஆல் வகுத்தால் போனஸும் 12 துண்டாகிவிடும், அக்டோபர் 18 கண்ணில் படவே படாது.

10 சதவீதம் குறைப்பதும் உங்கள் மாமா கடைக்குப் பொருந்தலாம், வராக்கடன் இருக்கும். ஜாப் ஒர்க்கில் பணம் பெரும்பாலும் வந்துவிடும், தள்ளித்தான் வரும். அதனால் தொகையைக் குறைக்காமல் இரண்டு வாரம் வலப்பக்கம் நகர்த்திப் பார்ப்பேன். டெபிட் நோட் போடும் பார்ட்டிக்கு மட்டும் தொகையையும் குறைத்துக்கொள்வேன்.

சிவகாசி அச்சகம்

எங்கள் ஆடிட்டர் வங்கிக்கு சிஎம்ஏ ரிப்போர்ட் போட்டுக் கொடுத்தார், அதில் வரும் வருடங்களின் விற்பனை, லாபம் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்வது அதுதானே? அதையே வைத்துக்கொள்ளலாமா? எங்களுக்குக் காலண்டர் வேலை. இப்போது பேப்பர் வாங்கப் பணம் போய்க்கொண்டே இருக்கிறது, ஏஜென்டுகளிடமிருந்து பொங்கலுக்குப் பிறகுதான் முழுசாக வரும்.

திருப்பூர்க் கணக்காளர்

இல்லை அக்கா, அது லோன் வாங்குவதற்கான கணக்கு. வருடக் கடைசியில் எப்படி இருக்கும் என்று சொல்லும், அடுத்த மாதம் பேப்பர்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்குமா என்று சொல்லாது. உங்கள் தொழிலுக்கு மூன்று மாதமும் போதாது. ஆகஸ்டில் ஆரம்பித்து 13 வாரம் போட்டால் மைனஸ் மட்டும்தான் தெரியும், பயந்துவிடுவீர்கள். முதல் 13 வாரத்தை வாரமாகவும், அதற்கப்புறம் பிப்ரவரி வரை மாதமாகவும் போடுங்கள்.

மதுரை மெஸ்

எனக்குத் தலைகீழ். வரவு தினமும் கல்லாவில் வந்துவிடுகிறது, கடனே கிடையாது. அதனாலேயே பணம் இருக்கிற மாதிரித் தெரியும். மளிகைக் கடைக்காரர் மாதம் ஒரு தடவைதான் வாங்குவார். அவருக்கு 1ஆம் தேதி கொடுத்து, 5ஆம் தேதி வாடகை கொடுத்தால் கல்லா காலி. உங்கள் மாதிரி பில் தேடும் வேலை எனக்கு இல்லை. எந்தக் கிழமை எவ்வளவு வியாபாரம் என்று எழுதினேன், ஞாயிறும் செவ்வாயும் ஒன்றில்லை. புரட்டாசியில் கறி வியாபாரம் படுத்துவிடும், அதையும் கணக்கில் வைத்தேன். தினமும் மளிகைக்கடன் எவ்வளவு ஏறுகிறது என்பதை ஒரு சிலேட்டில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

அந்த 1,25,000க்கு என்ன வழி செய்தீர்கள்? அவருக்கு வங்கியில் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட், அதாவது சிசி லிமிட் இருந்திருந்தால் பிரச்சினையே இல்லையே.

திருப்பூர்க் கணக்காளர்

சிசி இருக்கிறது சார், சின்னது. உங்களுக்குத் தெரியாததில்லை. தைக்கிற துணி பார்ட்டியுடையது. ஸ்டாக் என்று காட்ட இவரிடம் நூலும் ஊசியும்தான். அதனால் டிராயிங் பவர், அதாவது வங்கி எடுக்க விடும் தொகை, பார்ட்டிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கியை வைத்துத்தான், அதிலும் பழைய பில்லைச் சேர்க்க மாட்டார்கள். லிமிட்டை ஆரம்ப இருப்பில் சேர்க்காமல் கீழே தனி வரிசையில் வைத்தேன். சேர்த்துவிட்டால் கடன் வாங்கிய பணமும் சொந்தப் பணமும் ஒரே மாதிரித் தெரியும்.

வாராவாரம் போனஸுக்கு ஒரு தொகையை எடுத்து வைக்கிறேன் என்றார் முதலில். அது கை வைக்காமல் இருக்க உதவும், ஆனால் பணம் அதிகமாகாது. தாளில் அதே மைனஸ்தான். செப்டம்பரில் செகண்ட் ஹேண்ட் ஓவர்லாக் மெஷின் வாங்க 80,000 போட்டிருந்தார், அதை நவம்பருக்குத் தள்ளினோம். மைனஸ் 45,000 ஆனது. பெரிய பார்ட்டியிடம் ஆகஸ்டிலேயே போய், 70,000 பில் ஒன்றைத் தீபாவளிக்கு முன்னால் கொடுங்கள் என்று கேட்டார், சரி என்றார்கள். பிளஸ் 25,000.

அப்புறம்தான் ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியது. ஊரில் பல கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. அக்டோபர் 18 வாரத்துக்கு எழுதியிருந்த 1,10,000 தள்ளிப்போகும் என்று பெரிய பார்ட்டி செப்டம்பர் இரண்டாம் வாரமே சொல்லிவிட்டார். சனிக்கிழமைதோறும் முடிந்த வாரத்தின் நெடுவரிசையில் நிஜத் தொகையை எழுதி, கடைசியில் புது வாரம் ஒன்று சேர்ப்பது வழக்கமாகிவிட்டதால் அன்றே தெரிந்தது, மைனஸ் 85,000. செப்டம்பர் கடைசியில் வங்கியில் நகை வைத்து ஒரு லட்சம் வாங்கினார். தீபாவளி வாரத்தில் வெளியே வட்டிக்கு அலையும் நிலை வரவில்லை.

ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்

உத்யம் பதிவு இருந்தால் 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று எம்எஸ்எம்இ சட்டம் இருக்கிறதே. வருமான வரியில் 43பி(எச்) வந்த பிறகு, பாக்கி வைத்தால் கம்பெனிக்கு அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடம்தான் கழிக்கலாம். அதைச் சொல்லிக் கேட்கலாமே?

திருப்பூர்க் கணக்காளர்

சட்டம் இருக்கிறது சார். மார்ச் மாதம் பெரிய பார்ட்டிகள் தாங்களாகவே வேகமாகக் கொடுக்கிறார்கள், ஸ்டேட்மென்டிலும் அந்த 47 நாள் மார்ச் மாதத்தில்தான். ஆனால் அக்டோபரில் இதைச் சொல்லிக் கேட்டால் அடுத்த லாட் வேறு யூனிட்டுக்குப் போய்விடும் என்று அண்ணன் பயப்படுகிறார். அந்தப் பயம் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிவகாசி அச்சகம்

இன்னும் கைக்கு வராத ஆர்டரை எழுதலாமா? ஏஜென்ட் "போன வருடம் அளவு நிச்சயம்" என்கிறார்.

திருப்பூர்க் கணக்காளர்

நான் எழுத மாட்டேன் அக்கா. பில் போட்டது, வேலை நடந்துகொண்டிருப்பது, இரண்டு மட்டும்தான்.

மதுரை மெஸ்

அப்படிப் பார்த்தால் எனக்கு நாளைக்கே வரவு பூஜ்யம்தான் சார், ஆர்டர் என்று யார் கொடுக்கிறார்கள்? போன வருடம் வந்ததைத்தானே எழுத முடியும்?

சிவகாசி அச்சகம்

எனக்கும் அதே குழப்பம்தான். ஏஜென்ட் அட்வான்ஸ் கொடுத்த அளவுக்கு ஒரு தாள், அவர் வாயால் சொன்ன அளவுக்கு ஒரு தாள் என்று இரண்டாகப் போட்டுப் பார்க்கிறேன். பேப்பரை எந்தத் தாளைப் பார்த்து வாங்குவது என்று வீட்டுக்காரரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.