பழைய செட்டிநாட்டு வீட்டு போட்டோல டிஷ் ஆன்டெனாவ எடுக்கணும், நிழல் இடிக்குது

பொண்ணோட எட்டாங்கிளாஸ் ஹிஸ்டரி ப்ராஜெக்ட்டுக்கு கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்டு முகப்ப போன்ல எடுத்தோம், சாயங்காலம் நாலு மணி, வெயில் இடது பக்கத்துலேந்து சாய்வா விழுது. ஜேபெக் ஃபைல், 4000க்கு 3000. வெள்ளிக்கிழமை பிரிண்ட் போட்டு குடுக்கணும். லேப்டாப்ல கிம்ப் 2.10 இருக்கு.

வானத்துக்கு குறுக்க போற கேபிள் வயரெல்லாம் ஹீல் டூல்ல சுலபமா போயிடுச்சு. ஆனா வயர் தூண் ஓரத்த தாண்டுற எடத்துல அதே டூல் வானத்தோட நீலத்த சுவத்துல இழுத்து அழுக்கு மாதிரி ஆக்கிடுது, அதனால தூண மட்டும் செலக்ட் பண்ணிட்டு க்ளோன் டூல்ல சின்ன பிரஷ் வச்சு செஞ்சேன், அது ஓகே. கடை போர்டுக்கு பின்னாடி வெறும் சுவருதான், அதுவும் முடிஞ்சுது.

மாட்டிக்கிட்டது மொட்டமாடி டிஷ்லதான். கைப்பிடிச்சுவத்துல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுதை யானை இருக்கு, இடது யானையோட பாதிய டிஷ் மறைக்குது. வலது யானைய காப்பி பண்ணி புது லேயர்ல திருப்பி ஒட்டினேன், அளவு கரெக்டா உக்காந்துச்சு, ஆனா திருப்பினதால நிழல் இடது பக்கம் வந்துடுச்சு, பாத்தாலே பொய்னு தெரியுது. ப்ரைட்னஸ கொறச்சு பாத்தேன், மொத்த யானையும் மங்குதே தவிர நிழல் மாறல. (ஒரிஜினல் போட்டோவையும் பக்கத்துலயே ஒட்டத்தான் போறோம்.)

திருப்பி ஒட்டின யானைக்கு வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் கிம்ப்ல பக்கம் மாத்துறது எப்படி?