ஒரே மூச்சில் முடிகிற ஒரு வரி

கோமதி, ஆயர் ஈத்தாம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, விடியற்காலையில் அரை மணி நேரம் தியானத்தில் உட்காருகிறேன். ஆயர் ஈத்தாம் சந்தைக்கு லாரிகள் வருவதற்கு முன்பு வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் இருக்கும். திரும்பத் திரும்பச் சொல்வதற்கு நானே ஒரு வரி எழுதிக்கொண்டேன்: "சாந்தம் தருக, சித்தம் தெளிக." பொருளை நினைத்து நினைத்து எழுதிய வரி. தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினால் நான்காவது முறையிலேயே மூச்சு போதவில்லை. தோள் தானாக உயர்கிறது, வாயைத் திறந்து காற்றை இழுக்கிறேன். பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடுகிறது. எனக்கு இழுப்பு, ஆஸ்துமா எதுவும் கிடையாது. காலையில் தாவரவியல் பூங்காவை ஒரு சுற்று நடந்து வருகிறவள்தான். உங்களில் யாராவது சொந்தமாக வரி அமைத்துக்கொண்டிருந்தால், அது மூச்சோடு எப்படிப் பொருந்தியது என்று சொல்லுங்கள்.

சரசு, பிறை

கோமதி, நம் விருப்பத்துக்கு மந்திரம் கட்டக்கூடாது என்பார் என் மாமியார். குரு காதில் ஓதிய பிறகே சொல்ல வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலில் கேட்டுப் பாருங்கள், உங்கள் நட்சத்திரத்துக்கு ஏற்றதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன், மூச்சைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

கோமதி, ஆயர் ஈத்தாம்

சரசு அக்கா, நான் தீட்சை மந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மனம் அடங்குவதற்கு ஒரு சின்ன வரி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இருபது வருடம் சொல்லியும் மூச்சு முட்டவில்லை என்றால் அந்த வரியின் அளவு உங்களுக்குச் சரியாக அமைந்திருக்கிறது. ஒரு மூச்சில் அதை எத்தனை முறை சொல்கிறீர்கள்?

தேவன், செந்தூல்

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வகுப்பில் ஸோஹம் கற்றுக்கொண்டேன். உள்ளே இழுக்கும்போது 'ஸோ', வெளியே விடும்போது 'ஹம்'. மூச்சின் சத்தமே அதுதான், எனவே அதைவிட எளிதான ஒலி இருக்க முடியாது. இதிலிருந்து எனக்குப் புரிந்தது, 'ஹ' என்ற ஒலிதான் மூச்சுக்கு மிகச் சிறந்தது. உள்ளே தங்கிய காற்றை முழுவதும் தள்ளிவிடுகிறது. அக்கா, உங்கள் வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'ஹ' சேர்த்துப் பாருங்கள். கூடவே மூச்சை நன்றாக ஆழமாக இழுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

இராமலிங்கம், பட்டர்வொர்த்

தமிழ்ப் பள்ளியில் இலக்கணம் நடத்தியவன் என்பதால் முதலில் கோமதி அம்மாவின் வரியை அளந்து பார்த்தேன். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, ஒற்றுக்கு அரை. 'சாந்தம்' 4, 'தருக' 3, 'சித்தம்' 3, 'தெளிக' 3. மொத்தம் 13 மாத்திரை. ஒவ்வொரு மாத்திரைக்கும் அரை விநாடி கொடுத்து நிதானமாகச் சொன்னால் ஆறரை விநாடி ஆகிறது. அதற்குள் வாயில் காற்று எங்கெங்கே தடைப்படுகிறது என்றும் பாருங்கள். ச, த, க என்று வல்லினம் ஒன்பது இடத்தில் வருகிறது. 'சித்தம்' சொல்லும்போது 'த்த' வரும் இடத்தில் நாக்கு பல்லில் ஒட்டி, காற்று முழுவதுமாக நின்றுவிடுகிறது. உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். காற்று விட்டு விட்டுக் கையில் படும். 'வானம்' என்று சொல்லுங்கள், அப்படித் துண்டுபடாது.

நன்னூலில் ஒற்றளபெடைச் சூத்திரம் இதற்கு நேராக உதவுகிறது. நீளக்கூடிய ஒற்றுகள் எவை என்று பட்டியலே தருகிறது: ங ஞ ண ந ம ன வ ய ல ள, கூடவே ஆய்தம். வல்லினத்தில் ஒன்றுகூட இல்லை. 'ப்' என்று வாயை மூடினால் அதை நீட்ட முடியாது, வெடிக்கத்தான் முடியும். 'ம்' வாயை மூடினாலும் மூக்கு வழியே ஓடிக்கொண்டிருக்கும். மெல்லினத்துக்கு மூக்கு என்று இடம் சொன்னவர்கள் இதை அறிந்துதான் சொன்னார்கள்.

தேவன் தம்பி, ஸோஹம் வாய்திறக்காமல் மனத்தில் ஓடுவது. அங்கே நீங்கள் சொல்வது சரி. குரல் எழுப்பிச் சொல்லும்போது கதை வேறு. 'ஹ' சொல்ல குரல்நாண் விலகி நிற்கிறது, காற்று தடையின்றிக் கொட்டிவிடுகிறது. ஒரே மூச்சில் 'ஹஹஹ' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'மமம' என்று சொல்லிப் பாருங்கள். எது முதலில் தீர்கிறது என்று தெரியும். ஆழமாக இழுங்கள் என்பதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தேவைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துச் சுருக்கென்று குத்தும். அது வந்தால் வரியை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட வேண்டும்.

தேவன், செந்தூல்

செய்து பார்த்தேன் ஐயா. 'ஹ' ஏழெட்டோடு தீர்ந்துவிட்டது. 'ம' அதைப்போல் இரண்டு மடங்கு போனது. ஆனால் மனத்துக்குள் சொல்லும்போது எந்த ஒலியாக இருந்தால் என்ன? அங்கேதான் காற்றே செலவாவதில்லையே.

கோமதி, ஆயர் ஈத்தாம்

எனக்கு அப்படி இல்லை, தேவன். மனத்துக்குள் 'சித்தம்' என்று நினைத்தாலும் அந்த 'த்த' வருமிடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கிறது. தொண்டை தானாக இறுகுகிறது. எல்லோருக்கும் இப்படியா, எனக்கு மட்டுமா என்று தெரிந்துகொள்ள ஆசை.

முணுமுணுத்தும் பார்த்தேன். சத்தம் குறைந்தால் மூச்சும் மிஞ்சும் என்று நினைத்தேன், அது இன்னும் மோசம். குரல் இல்லாமல் வெறும் காற்றில் சொல்கிறபோது பாதி வரியிலேயே தீர்ந்துவிடுகிறது.

பெலிக்ஸ், புக்கிட் மெர்த்தாஜாம்

எனக்குச் செபமாலைதான் பழக்கம். புனித அன்னாள் ஆலயத்தில் சேர்ந்து சொல்லும்போது முன்பாதியை ஒருவர் சொல்வார், பின்பாதியை நாங்கள் எல்லோரும் சொல்வோம். அவர் சொல்லும் நேரம் எங்களுக்கு மூச்சு வாங்கும் நேரம். சின்ன வயதில் இதைக் கவனித்ததே இல்லை. வீட்டில் தனியாக இரண்டு பாதியையும் நானே சொல்லத் தொடங்கிய பிறகுதான் மூச்சு வாங்கியது, அப்போதுதான் புரிந்தது.

2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் இத்தாலிய ஆய்வு வந்தது. லத்தீன் மொழியில் மரியே வாழ்க செபத்தையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரத்தையும் 23 பேரைச் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்கு இறங்கியது. அப்படியென்றால் உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் சேர்ந்து 10 விநாடி. நான் தமிழில் சொல்லிப் பார்த்தேன். நம் செபம் நீளம், முழுவதும் 10 விநாடிக்குள் அடங்கவில்லை. எனவே எனக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தவில்லை.

இராமலிங்கம், பட்டர்வொர்த்

பெலிக்ஸ் சொன்னதில் மௌனத்துக்கு இடம் விட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரி வெளிமூச்சுக்கு மட்டும் உரியது. உள்மூச்சு சொல்லில்லாமல் தானாக வர வேண்டும்.

ஆனால் 6 என்ற எண்ணை முதல் நாளே பிடிக்க வேண்டாம், கோமதி அம்மா. எதுவும் சொல்லாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, உங்கள் மூச்சு எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். அதை வைத்து வரியை அளக்கலாம்.

கோமதி, ஆயர் ஈத்தாம்

இன்று காலை எண்ணினேன் ஐயா. நிமிடத்துக்கு 14.

இராமலிங்கம், பட்டர்வொர்த்

அப்படியானால் ஒரு மூச்சு நான்கு விநாடிக்குச் சற்று அதிகம். வெளிமூச்சு இரண்டரை விநாடி இருக்கலாம். அதற்குள் 13 மாத்திரையைத் திணித்திருக்கிறீர்கள், பிறகு எப்படித் தோள் உயராமல் இருக்கும்?

'வானே மனம்' என்று வைத்துப் பாருங்கள். வா 2, னே 2, ம 1, ன 1, ம் அரை. மொத்தம் ஆறரை, உங்கள் பழைய வரியில் சரிபாதி. வல்லினம் ஒன்றுகூட இல்லை. முன்னால் இரண்டு நெடில், அங்கே வாய் திறந்திருக்கிறது. பின்னால் இரண்டு குறில், பிறகு 'ம்'. தனிக் குறிலுக்கோ குறிலிணைக்கோ பின்னால் வரும் ஒற்றுதான் அளபெடுக்கும் என்பது விதி. 'மனம்' அதற்குச் சரியாகப் பொருந்துகிறது, 'மனம்ம்ம்' என்று மிச்ச மூச்சு எவ்வளவோ அவ்வளவு ஓடவிடலாம். மூச்சு குறைவாக இருக்கும் நாளில் 'ம்' சுருங்கும், அதிகமாக இருந்தால் நீளும். வரி மாறாது.

முதல் வாரம் 'மனம்' மட்டும் சொல்லுங்கள். அது தடுமாறாமல் வந்த பிறகு 'வானே' என்பதை முன்னால் சேருங்கள். கடைசி 'ம்' கரகரத்தால் நீளம் அதிகம் என்று பொருள். 'ம்' முடிந்த பிறகும் இன்னும் ஓர் 'அ' சொல்லும் அளவுக்குக் காற்று மிஞ்ச வேண்டும்.

நிர்மலா, செராஸ்

எல்லோரும் 'ம்' என்கிறீர்கள். எனக்குச் சைனஸ். புகைமூட்டக் காலத்தில் கோலாலம்பூரில் இரண்டு மூக்கும் அடைத்துவிடும். அப்போது வாயை மூடி 'ம்' என்றால் ஒலியே வராது. நம்பாதவர்கள் மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு 'ம்' சொல்லிப் பாருங்கள், அப்படியே நின்றுவிடும். அந்த மாதங்களில் எனக்கு 'வேலே வழி'தான். வே 2, லே 2, வ 1, ழி 1. மூக்கொலி கிடையாது, வல்லினமும் கிடையாது. முருகனை நினைத்த மாதிரியும் ஆயிற்று.

இராமலிங்கம் ஐயாவிடம் ஒரு கேள்வி. உங்கள் பட்டியலில் 'ழ்' இல்லையே? என்னால் 'ழ்ழ்ழ்' என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்ட முடிகிறதே?

இராமலிங்கம், பட்டர்வொர்த்

நல்ல கேள்வி, மகளே. 'ர்' நாக்கு தட்டி விலகும் ஒலி என்பதால் அதை விட்டதற்குக் காரணம் தெரிகிறது. 'ழ்' நீளத்தான் செய்கிறது. செய்யுளில் வழக்கு இல்லாததால் விட்டிருக்கலாம் என்பது என் ஊகம், அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நெடுநேரம் 'ழ்' பிடித்தால் நாக்கின் அடி வலிக்கும். உங்கள் வரியில் அது 'ழி' என்று உடனே உயிரில் விழுந்துவிடுவதால் பரவாயில்லை.

கோமதி, ஆயர் ஈத்தாம்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். 'மனம்' மட்டும் சொன்ன முதல் வாரம் ஏமாற்றமாக இருந்தது, இவ்வளவு சின்னதா என்று. எட்டாம் நாள் 'வானே' சேர்த்தேன். 'னே'யில் இருந்து 'ம'வுக்கு உதடு மூடும்போது ஒரு திரை மெல்ல இறங்குவது போல இருக்கிறது. நடுவில் எங்கும் இடிக்கவில்லை. 'ம்' மேலுதட்டில் அதிர்ந்து மூக்கின் எலும்பு வரை ஏறுகிறது, அது அடங்கும் இடத்தில் உள்மூச்சு தானாக வருகிறது. நான் இழுப்பதில்லை.

நேற்று தியானம் முடிந்த கையோடு எண்ணினேன். நிமிடத்துக்கு 9. பெலிக்ஸ் சொன்ன 6 வரவில்லை, அதைத் துரத்தவும் போவதில்லை. கொட்டாவி நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இருபது நிமிடம் போன பிறகு 'வானே' தானாக உதிர்ந்துவிடுகிறது, 'மனம்' மட்டும் ஓடுகிறது. சில நாள் அதுவும் போய் 'ம்' மட்டும் நிற்கிறது. அதை அப்படியே விடுவதா, திரும்ப முழு வரிக்கு வருவதா?

சரசு, பிறை

விட்டுவிடுங்கள், கோமதி. எனக்கும் கடைசியில் அதுதான் மிஞ்சும். நீங்கள் கேட்ட பிறகு எண்ணிப் பார்த்தேன், ஒரு மூச்சுக்கு ஒரு முறைதான் சொல்கிறேன்.

இராமலிங்கம், பட்டர்வொர்த்

நான் திரும்ப வருவேன். வரி உதிர்கிற நேரத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. தலை தொங்குகிறதா என்று பாருங்கள் அம்மா, தொங்கினால் 'வானே'யிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.