வாரிசா, நாமினியா? சேமிப்புத் துண்டறிக்கைக்கு ஒரு சொல்

கமலா, ஜெலுத்தோங்:

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கைப் பக்கம் எங்கள் பூர்வீக ஊரில், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குச் சித்தப்பா மகன்தான் செயலாளர். முதல்முறையாகக் கணக்குத் தொடங்குகிறவர்களுக்குச் சங்கம் ஒரு துண்டறிக்கை கொடுக்கிறது. "யாருக்கும் புரியவில்லை அக்கா, எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று அனுப்பியிருக்கிறான். முக்கால்வாசி முடித்துவிட்டேன். 'இருப்புத் தொகை' என்பதைக் 'கணக்கில் உள்ள பணம்' என்றும், 'மீளப் பெறுதல்' என்பதை 'பணம் எடுப்பது' என்றும் மாற்றினேன். அதிலெல்லாம் சிக்கல் இல்லை. மாட்டிக்கொண்டது இந்த வரியில்தான்:

"உறுப்பினர் தமது மரணத்திற்குப் பின் கணக்கிலுள்ள இருப்புத் தொகையைப் பெறும் பொருட்டு வாரிசுதாரரை நியமனம் செய்தல் வேண்டும்."

நாமினி என்பதைத்தான் வாரிசுதாரர் என்கிறார்கள். சென்ற வருடம் அங்கே இதனால் ஒரு வீட்டில் சண்டையே நடந்ததாம். நல்ல சொல் ஒன்று வேண்டும்.

குமரேசன், செந்தூல்:

இதற்குப் புதுச்சொல் எதற்கு? நியமனதாரர் என்று ஏற்கனவே புழங்குகிறதே, அதைப் போடுங்கள். 'வாரிசு' அரபியிலிருந்து வந்தது, அதனால் தவிர்க்கலாம். மற்றபடி பொருளில் பெரிய தவறில்லை. நம் மலேசிய இ.பி.எப். சேமநிதிப் பணத்துக்கு மலாயில் 'பெனாமா' என்று நாமினி போடுகிறோம். அந்தப் பணம் அவருக்கே போய்ச் சேர்கிறது. வாரிசு என்றால் என்ன, பெனாமா என்றால் என்ன?

பார்வதி, பட்டர்வொர்த்:

கமலா, என் வீட்டுக்காரர் தவறியபோது இ.பி.எப்.பில் அவருடைய அம்மா பெயர்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, மாற்றவே இல்லை. அத்தை தங்கமானவர், வாங்கி அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார். எல்லாருக்கும் அப்படி அமையுமா? அதிருக்கட்டும், அந்தச் சங்கத்தில் பினாங்கில் இருக்கிற நாமும் கணக்குத் தொடங்கலாமா? வட்டி எவ்வளவு?

கமலா:

பார்வதி அக்கா, அது அந்த ஊர்க்காரர்களுக்கான சங்கம். நமக்கில்லை.

ரஹீம், பினாங்கு:

குமரேசன் தம்பி சொன்னது பாதி சரி. இ.பி.எப்.பில் முஸ்லிம் அல்லாதவர் போடும் பெனாமாவுக்குப் பணம் சொந்தமாகவே போகிறது. நான் என் மனைவியைப் பெனாமாவாகப் போட்டால் அவள் வெறும் பொறுப்பாளிதான். வாங்கி, இஸ்லாமிய வாரிசுப் பங்கீடான பராயிட் முறைப்படி பங்கு உள்ளவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இங்கேயே ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்.

கமலா கேட்பது இந்தியக் கணக்கு. அங்கே சேமிப்புக் கணக்கில் எல்லாருக்கும் என் மனைவியின் நிலைதான். வங்கி வைப்புக்கு 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: நாமினி பணத்தை வாங்கலாம், அதனால் பணம் அவருடையது ஆகிவிடாது. சங்கம் வங்கி அல்ல. அது 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் வருவது. ஆகவே அச்சுக்குப் போகுமுன் சங்கத்தின் துணைவிதியில் நியமனம் பற்றி என்ன இருக்கிறது என்று தம்பியை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த வீட்டுச் சண்டை என்ன? கொஞ்சம் விவரம் வேண்டும்.

கமலா:

பெரியவர் ஒருவர். கணக்கில் 24,000 ரூபாய். சங்கத்துக்குப் போகவரத் துணையாக இருந்தவன் அண்ணன் மகன் என்பதால் அவன் பெயரை எழுதியிருக்கிறார். பெரியவருக்கு அம்மா, மனைவி, இரண்டு மகள்கள். உயில் இல்லை. அவர் தவறியதும் சங்கம் 24,000-ஐயும் அண்ணன் மகனிடம் கொடுத்தது. மகள்கள் போய்க் கேட்டதற்கு, "சித்தப்பா என்னைத்தானே வாரிசு என்று எழுதினார், இதோ பாருங்கள்" என்று துண்டறிக்கையை நீட்டினானாம்.

ரஹீம்:

இந்துக் குடும்பம் என்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அம்மா, மனைவி, இரண்டு மகள்கள் ஆக நான்கு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு 6,000. இவர்கள் இருக்கும்போது அண்ணன் மகனுக்கு ஒரு காசும் இல்லை. அவனிடம் பணம் கொடுத்ததில் சங்கத்தின் மேல் தப்பில்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் நாமினி. அவன் தன்னிடமே வைத்துக்கொண்டதுதான் தப்பு. அந்தத் தப்புக்குத் துண்டறிக்கையே சாட்சி சொன்னது பாருங்கள், அதைத்தான் திருத்த வேண்டும்.

இன்னொன்று. அத்தாவின் கணக்குக்காக நாகப்பட்டினத்தில் அலைந்தவன் நான், அவர் நாமினி போடவில்லை. "வாரிசுச் சான்றிதழ் கொண்டுவா" என்றார்கள். அது தாசில்தார் கொடுப்பது. ஊரில் வாரிசு என்றால் அந்தச் சான்றிதழில் பெயர் உள்ளவர்கள். அந்தச் சொல்லை நாமினிக்கும் வைத்தால் குழம்பத்தான் செய்யும்.

குமரேசன்:

சரி, வாரிசு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். 'பெயர்குறித்தவர்' எப்படி?

ரஹீம்:

பெயரைக் குறித்தவர் கணக்குக்காரர் அல்லவா? 'குறிக்கப்பட்டவர்' என்றால்தான் சரி, ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும்.

பார்வதி:

பேசாமல் நாமினி என்றே விடுங்களேன்.

கமலா:

அதைத்தான் அக்கா முதலில் நினைத்தேன். தம்பி வேண்டாம் என்கிறான். அங்கே சிலர் காதில் நாமினி 'பினாமி' என்று விழுகிறதாம். "என் பணத்துக்கு எதுக்குப் பினாமி?" என்று ஒரு பாட்டி சண்டைக்கு வந்துவிட்டார். நம் பெனாமாவைச் சொன்னால் இன்னும் மோசம்!

ரஹீம் ஐயா சொன்னதை வைத்து ஒன்று யோசித்தேன். வாங்குவது, கொடுப்பது, இரண்டும் சொல்லிலேயே இருக்க வேண்டும். 'வாங்கித்தருபவர்'.

குமரேசன்:

ஊரில் 'லோன் வாங்கித் தருபவர்' என்றால் யார்? புரோக்கர். கமிஷன் கேட்பார்.

கமலா:

ஐயோ, ஆமாம். அப்படியென்றால் 'பெறும் பொறுப்பாளர்'?

குமரேசன்:

சொல் பரவாயில்லை. ஆனால் சங்கத்தின் படிவத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது? அங்கே நியமனதாரர் என்று இருந்தால், துண்டறிக்கையைப் படித்துவிட்டுப் போகிறவர் படிவத்தில் பெறும் பொறுப்பாளரைத் தேடிக்கொண்டு நிற்பார்.

கமலா:

கேட்டுவிட்டேன், நியமனதாரர்தான். ஏற்கனவே அச்சிட்ட படிவம் இரண்டு கட்டு கிடக்கிறதாம், இப்போதைக்கு மாறாது. அதனால் சொல்லை நம்பாமல் கேள்வியாகவே எழுதிவிட்டேன்:

"உங்களுக்குப் பிறகு இந்தப் பணத்தைச் சங்கத்துக்கு வந்து யார் வாங்க வேண்டும்? அவர் பெயரைப் படிவத்தில் 'நியமனதாரர்' என்ற கட்டத்தில் எழுதுங்கள். இவர் உங்கள் பணத்துக்குப் பெறும் பொறுப்பாளர். பணத்தை வாங்கி, உங்கள் வாரிசுகளுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது இவர் கடமை. பெயர் எழுதினால் மட்டும் பணம் இவருக்குச் சொந்தமாகாது. வேறு பெயர் போட நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வந்து மாற்றலாம்."

ரஹீம்:

நன்றாக இருக்கிறது. 'மரணம்' போய் 'உங்களுக்குப் பிறகு' வந்ததே நல்லது, கணக்குத் தொடங்க வந்தவரிடம் முதல் நாளே சாவைப் பேசக் கூடாது. கடைசி வரியை மட்டும் துணைவிதி பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சங்கம் மாற்றத்துக்குத் தனிப் படிவம் கேட்கலாம்.

குமரேசன்:

ஒரே பத்தியில் இரண்டு சொல். எனக்கு உடன்பாடில்லை. படிவம் தீர்ந்ததும் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கமலா:

தம்பி நேற்றுக் கணக்குத் தொடங்க வந்த மூன்று பெண்களுக்கு வாசித்துக் காட்டினானாம். இரண்டு பேர் யோசிக்காமல் மகள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "மகன் கோவிச்சுக்க மாட்டானா?" என்று கேட்டதற்கு, "வாங்கத்தானே சொல்றோம், அவனுக்கும் குடுப்பா" என்றாராம் ஒருவர். மூன்றாமவர் கேட்டது: "பொறுப்பாளருக்குச் சங்கத்திலேர்ந்து சம்பளம் உண்டா?"

குமரேசன், அடுத்த சொல்லை நீங்கள் சொல்லுங்கள்.