டெங்கு இல்லையென்றால் வேறு என்ன? எலிக்காய்ச்சல் கண்டவர்கள் எழுதுங்கள்

கிராண்ட்பாஸ் வாசி:

என் தம்பி புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறான். அன்று மாலை கொட்டிய மழையில் ஆமர் வீதிச் சந்தி வழமைபோல் குளமாகிவிட்டது. பஸ் நகரவில்லை. முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தான். புதுச் சப்பாத்து நனையக் கூடாதென்று அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் வந்தவன் அவன்! குதிகாலில் பழைய வெடிப்பு ஒன்று இருந்தது. வடிகானும் வீதியும் ஒன்றாய்க் கலந்த தண்ணீர் அது. வந்ததும் காலைக் கழுவினான், சாப்பிட்டான், படுத்தான். எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஒன்றரை வாரம் கழித்து நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். அருகிலிருந்த தனியார் கிளினிக்கில் என்.எஸ்.1 பரிசோதனை செய்தார்கள். நெகட்டிவ். "வைரஸ் காய்ச்சல், ஓய்வெடுங்கள்" என்று பரசிட்டமோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கும் நிம்மதி.

மறுநாள் அவனால் மாடிப்படி ஏற முடியவில்லை. கெண்டைக்காலை லேசாகத் தொட்டாலே கத்தினான். கண் இரண்டும் சிவந்திருந்தன, ஆனால் பீளை இல்லை, உறுத்தலும் இல்லை. எங்கள் வீதியிலுள்ள வயதான வைத்தியரிடம் கூட்டிப் போனோம். அவர் காய்ச்சலைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "தம்பி, கடந்த சில வாரங்களில் அழுக்குத் தண்ணீரில் இறங்கினாயா?" என்று கேட்டார். பிறகு கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார், சிறுநீரின் நிறம் கேட்டார். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்.

அங்கே எடுத்த இரத்த அறிக்கையில் வெண்குருதிக்கலம் 14,000, குருதிச் சிறுதட்டு 78,000, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.8. எலிக்காய்ச்சல் என்று சொல்லி நாளம் வழியாகப் பெனிசிலின் ஏற்றினார்கள். ஒரு நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் குடித்தான், எவ்வளவு சிறுநீர் போனான் என்று அளந்து எழுதவைத்தார்கள். இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம் வரை போகாமல் தப்பினான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது வந்திருந்தால், எப்படித் தொடங்கியது என்று எழுதுங்கள்.

புறக்கோட்டைத் தம்பி:

அக்கா, நான் பார்மசியில் வேலை செய்கிறேன். இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராம், வாரத்துக்கு ஒருமுறை. வயல் வேலை செய்பவர்களுக்குச் சுகாதாரப் பணிமனையில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வெள்ளம் வரும் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டால் எலிக்காய்ச்சல் எட்டிப் பார்க்காது. காய்ச்சல் தொடங்கிவிட்டாலும் அதே வார மாத்திரை போதும். எங்கள் கடையில் வாங்கிப் போகிறவர்கள் சிறுபிள்ளைகளுக்கும் பாதி உடைத்துக் கொடுக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, முதல் பாதி சரி, மறுபாதியைத் திருத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாராவது இதை வாசித்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் என்பது நோய் வராமல் தடுக்கக் கொடுப்பது, தண்ணீரில் இறங்கவேண்டிய காலம் மட்டும். அதுவும் முழுக் கவசம் இல்லை. ஆபத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். அந்த மாத்திரையைப் போட்டும் வாட்டுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் தொடங்கிவிட்டால் கணக்கு வேறு. இலேசான நோய்க்கு ஒரு நாளைக்கு இருமுறை 100 மில்லிகிராம், ஒரு வாரம், அதுவும் வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு. கடுமையானால் ஊசிதான். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. பாதி உடைத்துக் கொடுப்பதெல்லாம் பெரிய வேலை! அப்படிக் கேட்டு வருபவர்களை வைத்தியரிடம் அனுப்பிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு குவளை தண்ணீரோடு குடித்துவிட்டுச் சிறிது நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். படுத்துக்கொண்டு விழுங்கி உணவுக்குழாயைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

கிராண்ட்பாஸ் வாசி எழுதிய இரத்த அறிக்கையில் ஒரு விடயம் இருக்கிறது, அதை எல்லோரும் கவனியுங்கள். டெங்கிலும் சிறுதட்டு இறங்கும், எலிக்காய்ச்சலிலும் இறங்கும். அதை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். டெங்கில் வெண்குருதிக்கலமும் பெரும்பாலும் குறைந்து போகும். எலிக்காய்ச்சலில் கூடும், அதில் நியூட்ரோபில் என்ற வகை மிகுந்திருக்கும். சிறுதட்டு குறைந்து வெண்குருதிக்கலம் 14,000 என்றால், வைத்தியர் டெங்கோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். எல்லோருக்கும் இப்படித்தான் வரும் என்றில்லை. ஆனால் என்.எஸ்.1 நெகட்டிவ் என்பது ஒரு கதவை மூடியதாகக்கூட அர்த்தமில்லை. டெங்குக் காய்ச்சலிலேயே சில நாட்கள் கடந்துவிட்டால் அது நெகட்டிவாக வரும்.

இன்னொன்று. கெண்டைக்கால் வலிக்கிறதென்று டைக்ளோபினாக் போட்டுவிட்டு வருபவர்கள் அதிகம். ஏற்கெனவே அடிபடும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி, டெங்காக இருந்தால் இரத்தக் கசிவுக்கும் வழி. பரசிட்டமோல் போதும், அதுவும் அளவோடு.

வெள்ளவத்தை மாடிவீடு:

எங்களுக்கும் எலித் தொல்லைதான். மூன்றாவது மாடி, வெள்ளம் எட்டாது. ஆனால் மழை தொடங்கியதும் குழாய் வழியே ஏறி வந்து அரிசி மூட்டையைக் கொறிக்கிறது. பசைப்பலகை வைத்தேன், என் செருப்புத்தான் ஒட்டியது. எலியைப் பிடிக்க நல்ல வழி யாருக்காவது தெரியுமா? எலி கொறித்த மாம்பழத்தை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா?

கிராண்ட்பாஸ் வாசி:

அண்ணா, மாம்பழத்தை முழுவதாகவே தூக்கிப் போடுங்கள். நான் கேட்டது காய்ச்சலைப் பற்றி.

ஓய்வுபெற்ற தாதி:

கேள்வி இடம் மாறி வந்தாலும் ஒரு பதில் சொல்கிறேன். அலுமாரிக்குப் பின்னால் எலிப் புழுக்கை காய்ந்து கிடந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். காய்ந்த புழுக்கையும் சிறுநீரும் தூசாகி மூச்சில் போகும், ஹன்டா வைரஸ் பரவும் வழி அதுதான். நம் நாட்டிலும் அந்த வகை வைரஸுக்கு எதிரான பிறபொருளெதிரி நோயாளிகளிடம் காணப்பட்டிருக்கிறது. சிறுநீரகம் பாதிக்கும்போது எலிக்காய்ச்சலைப் போலவே தோன்றும். முதலில் பிளீச் கலந்த தண்ணீரைத் தெளித்துச் சற்று ஊறவிட்டு, கையுறையோடு துணியால் வழித்தெடுங்கள்.

வெல்லம்பிட்டிக்காரன்:

2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோது எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேற்றை வாரிக் கொட்டுவதற்கு அப்பாவும் நானும் இறங்கினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அந்த வார மாத்திரையைக் கொடுத்தார். அப்பா நெஞ்செரிவு என்று சொல்லிக் குடிக்கவில்லை.

எனக்கு ரப்பர் பூட்ஸ் கிடைத்தது. அது முழங்காலுக்குக் கீழேதான். சேறு அதற்கு மேல். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நாள் முழுக்கக் காலோடு ஊறிக் கிடந்தது. மாலையில் கழற்றியபோது விரலிடுக்கில் தோல் வெளுத்துப் பொருமிப் போயிருந்தது. அப்படியான பூட்ஸ் போடுவதற்கும் போடாததற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

காய்ச்சல் வந்தது அப்பாவுக்கு. முதலில் இறங்கியதுபோல் தோன்றியது. "சரியாகிவிட்டது" என்று எழுந்து உட்கார்ந்தார். பிறகு மீண்டும் ஏறியது, கண் மஞ்சளானது. சிறுநீர் நன்றாகத்தான் போனது, அதனால் சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். இரத்தத்தில் பார்த்தால் கிரியேட்டினின் ஏறியிருந்தது.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, பூட்ஸ் இல்லாவிட்டால் உடைந்த போத்தலும் ஆணியும் கிழிக்கும், அந்தக் கீறல்தான் கிருமி நுழையும் வாசல். ஆகையால் பூட்ஸ் வேண்டும். தண்ணீர் புகுந்தால் கழற்றிக் கொட்டி, காலைக் கழுவித் துடைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். ஊறிப் பொருமிய தோலும் கிருமிக்கு வழிவிடும் என்பது நீங்கள் நினைத்தபடிதான்.

அப்பாவுடையது பலர் அறியாத விடயம். இந்த நோயில் சிறுநீரகம் கெட்டும் சிறுநீர் வழமைபோல் போகலாம். சிறுநீர் குறைந்தால் ஆபத்து. குறையவில்லை என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ இரவென்றும் பாராமல் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். நுரையீரலில் இரத்தம் கசியத் தொடங்கினால் சில மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும்.

புறக்கோட்டைத் தம்பி:

நன்றி அம்மா, பாதி மாத்திரை விடயத்தை முதலாளியிடமும் சொன்னேன். ஒரு கேள்வி. ஒரே நாள் ஆமர் வீதியில் நடந்துவிட்டவர்கள் எல்லோரும் வந்து மாத்திரை கேட்டால் கொடுக்கலாமா? வயல்காரர் தினமும் சேற்றில் நிற்கிறார். இவர்கள் ஒரு மாலை நடந்தவர்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. காலில் புண்ணோடு நெடுநேரம் நின்றவருக்குக் கொடுக்கும் வைத்தியர்களும் இருக்கிறார்கள், பார்த்திருந்து காய்ச்சல் வந்தால் வரச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். நானாக இருந்தால், தண்ணீரில் இறங்கிய திகதியைக் கலண்டரில் குறித்துவைக்கச் சொல்வேன். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரத்தில் தெரியும், ஒரு மாதம் வரையும் போகலாம். வைத்தியரிடம் அந்தத் திகதியைச் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்தது.

வெல்லம்பிட்டிக்காரன்:

இன்னொன்று கேட்க வேண்டும். அப்பாவின் இரத்தத்தைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதிரியும் நெகட்டிவ். ஆனால் எலிக்காய்ச்சல் என்றே சிகிச்சை கொடுத்தார்கள், குணமும் ஆனார். அப்படியானால் அது என்ன நோய்? மேலே ஹன்டா என்று எழுதியிருந்தீர்களே, அதுவா?

ஓய்வுபெற்ற தாதி:

இருக்கலாம், ஆனால் அதற்குள் அந்த முடிவுக்குப் போகவேண்டாம். முதல் மாதிரி பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். உடல் பிறபொருளெதிரியைத் தயாரித்து முடிக்க ஒரு வாரம் அளவில் ஆகும். அதற்காகத்தான் இரண்டாவது மாதிரியைச் சற்றுத் தள்ளி எடுக்கிறார்கள். சீக்கிரமே நுண்ணுயிர்க்கொல்லி ஏறியவர்களிடம் அந்தப் பிறபொருளெதிரி தாமதமாகவும் குறைவாகவும் வருவதுண்டு. அப்பாவுக்கு இரண்டாவது மாதிரி எப்போது எடுத்தார்கள்?

வெல்லம்பிட்டிக்காரன்:

வீட்டுக்கு விட்ட அன்றே எடுத்தார்கள் என்று நினைவு. நோய் நிர்ணய அட்டையில் திகதி இருக்கும். அது வெள்ளத்தில் நனைந்த அலுமாரியில் இல்லாமல் அம்மாவின் பெட்டியில் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.